ஒரே கோரிக்கைகள், மூன்று வரிசைகள்: டிஸ்க் ஹெட் நகர்வைக் கணக்கிடும் முறை

கொழும்பில் பிஐடி போன்ற பரீட்சைகளுக்குப் படிப்பவர்கள் இந்த வகை வினாவைப் பார்த்ததும் எல்லா வரிசைக்கும் எல்லா முறையையும் போட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அவ்வளவு வேலை தேவையில்லை. ஒரு வினாவை எடுத்துச் செய்து பார்ப்போம்.

சிலிண்டர்கள் 0 முதல் 199 வரை. ஹெட் 50இல் நிற்கிறது, பெரிய எண்ணை நோக்கி நகர்கிறது. ஐந்து கோரிக்கைகளும் தொடக்கத்திலேயே காத்திருக்கின்றன. எஃப்சிஎஃப்எஸ், ஸ்கேன், லுக், எஸ்எஸ்டிஎஃப் ஆகிய நான்கு முறைகளிலும் ஹெட் நகரும் மொத்தத் தூரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். கோரிக்கைகள் வந்த வரிசை மூன்று விதமாகத் தரப்பட்டுள்ளது:

```
அ: 95, 25, 170, 40, 60
ஆ: 40, 25, 60, 95, 170
இ: 60, 40, 95, 25, 170
```

படி 1. முதலில் எண்களை ஏறுவரிசையில் ஒரு கோட்டில் எழுதி, ஹெட்டின் இடத்தையும் குறியுங்கள்: 25, 40, [50], 60, 95, 170.

படி 2. எஃப்சிஎஃப்எஸ் வந்த வரிசையிலேயே போகும். அதனால் இதை மட்டும் மூன்று தடவையும் கணக்கிட வேண்டும்.

```
அ: 45+70+145+130+20 = 410
ஆ: 10+15+35+35+75 = 170
இ: 10+20+55+70+145 = 300
```

முதல் தூரம் 50இலிருந்து தொடங்க வேண்டும். அதை விட்டுவிட்டு 95இலிருந்து 25க்கான 70ஐ முதலில் எழுதினால் 'அ' 365 ஆகிவிடும்.

படி 3. ஸ்கேன், லுக் இரண்டுக்கும் வந்த வரிசை பொருட்டல்ல. ஸ்கேன் 199 வரை போய்த் திரும்பி 25இல் முடியும்: 149+174 = 323. லுக் அந்தத் திசையின் கடைசிக் கோரிக்கையான 170இலேயே திரும்பிவிடும்: 120+145 = 265. இந்த இரண்டும் அ, ஆ, இ மூன்றுக்கும் பொருந்தும். திசையை மட்டும் வினாவில் கவனமாகப் பாருங்கள். ஹெட் கீழ்நோக்கிப் போனால் ஸ்கேன் 50+170 = 220 ஆகிவிடும்.

படி 4. ஒவ்வொரு தடவையும் மிக அருகிலுள்ள கோரிக்கைக்குப் போகும் எஸ்எஸ்டிஎஃப்தான் கவனம் தேவைப்படும் இடம். அதுவும் வரிசையைப் பார்க்காது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் இங்கே 40உம் 60உம் 50இலிருந்து சரியாக 10 தூரத்தில் இருக்கின்றன. 40க்குப் போனால் அடுத்து 25, பிறகு 60, 95, 170; மொத்தம் 10+15+35+35+75 = 170. 60க்குப் போனால் அங்கிருந்து 95ஐ விட 40 அருகில் இருப்பதால் ஹெட் திரும்பிவிடும்: 10+20+15+70+75 = 190.

தூரம் சமமானால் எதை எடுப்பது என்பது வினாவில் சொல்லப்படாவிட்டால், 'முதலில் வந்ததை எடுக்கிறேன்' என்று விடைத்தாளில் ஒரு வரி எழுதுங்கள். அப்படி எடுத்தால் அ, ஆ இரண்டுக்கும் 170. 60 முதலில் வந்துள்ள 'இ'க்கு 190. இந்த வரி இல்லாவிட்டால், எண் மாறியதற்கான காரணம் திருத்துபவருக்குத் தெரியாது.

படி 5. இனிச் சரிபார்க்கலாம். எந்த முறையானாலும் ஹெட் 25ஐயும் 170ஐயும் தொட்டாக வேண்டும். இடையே 145, அருகிலுள்ள முனையான 25க்கு 50இலிருந்து 25. ஆகவே 170க்குக் குறைந்த விடை வந்தால் கூட்டலிலோ கழித்தலிலோ பிழை இருக்கிறது. 'ஆ' வரிசையில் எஃப்சிஎஃப்எஸ் இந்த மிகக்குறைந்த எண்ணையே தொட்டுவிட்டது. எஸ்எஸ்டிஎஃப் 'இ'யில் 190க்குப் போனது. எனவே ஒப்பிட்டு எழுதச் சொன்னால் "எஸ்எஸ்டிஎஃப் எப்போதும் சிறந்தது" என்று எழுதாதீர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் கிடைத்த எண்ணைக் காட்டி, அந்த வரிசைக்கு எது குறைவு என்று எழுதுங்கள்.

கோரிக்கைகளுக்கு வந்த நேரம் தனித்தனியே தரப்பட்டிருந்தால் படி 3 செல்லாது. ஹெட் கடந்து போன பிறகு வரும் கோரிக்கை, அது திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டும். அப்போது எல்லா முறைகளையும் வரிசைக்கு வரிசை புதிதாகக் கணக்கிட வேண்டும்.