நரம்பு அதிர்ச்சிக் கேள்விகளில் நாம் எங்கே தடுக்கி விழுகிறோம்?

தீங்கியல் சட்டத்தில் நரம்பு அதிர்ச்சி பற்றிய கொள்குறிக் கேள்விகளில் பெரும்பாலும் ஒரு விபத்து, அதைப் பார்த்த அல்லது கேட்ட ஒருவர், அவருக்கு வந்த மனநோய் என மூன்றும் இருக்கும். உடம்பில் கீறல்கூட இல்லாத அந்த நபர் வழக்குப் போட்டால் வெல்வாரா என்பதே கேள்வி. சட்டத்தை ஓரளவு படித்தவர்களும் இதில் தவறுவதற்குக் காரணம், தங்களுக்குத் தெரிந்த ஒரு விதியை அது பொருந்தாத இடத்தில் வைத்துவிடுவது. ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு தவறான விடையும் எப்படி இழுக்கிறது என்று பார்ப்போம்.

கேள்வி இது. இரும்புக் கம்பிகளைச் சரியாகக் கட்டாமல் ஏற்றிக்கொண்டு ஒருவர் லாரி ஓட்டுகிறார். சாலைத் திருப்பத்தில் கம்பிகள் சரிந்து, கடந்துகொண்டிருந்த ஒரு பாதசாரி இறந்துபோகிறார். அப்போது ஒரு கர்ப்பிணிப் பெண் திருப்பத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கடைக்குள் இருக்கிறார். அவருக்குச் சத்தம் மட்டுமே கேட்கிறது. உடலை எடுத்துச் சென்றபின் வெளியே வந்து சாலையில் கிடந்த இரத்தத்தைப் பார்க்கிறார். இறந்தவர் அவருக்கு யாரோ. ஆனாலும் அவருக்குத் தீவிர மனநோய் வந்து, மருத்துவரும் அதை உறுதி செய்கிறார். ஓட்டுநர் மீது அவர் வழக்குத் தொடுக்கிறார்.

அ) ஓட்டுநர் பொறுப்பாவார், கட்டாத கம்பிகள் சரியும் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியதே.
ஆ) ஓட்டுநர் பொறுப்பாவார், பாதிக்கப்பட்டவர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்க வேண்டும்.
இ) பொறுப்பாகமாட்டார், உடல் காயம் இல்லாமல் நரம்பு அதிர்ச்சிக்கு இழப்பீடு கிடையாது.
ஈ) பொறுப்பாகமாட்டார், அவர் இருந்த இடத்தில் இருக்கும் ஒருவருக்கு இப்படி அதிர்ச்சி வரும் என எதிர்பார்த்திருக்க முடியாது.

விடை ஈ. ஆனால் பலரும் தேர்ந்தெடுப்பது அ. அதில் சொல்லியிருப்பது பொய் இல்லை என்பதுதான் அதன் வசீகரம். ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்தார், கம்பி சரியும் என்பதும் எதிர்பார்க்கக்கூடியதே. இறந்த பாதசாரியின் குடும்பம் வழக்குப் போட்டால் இந்தக் காரணம் போதும். ஆனால் வழக்குப் போட்டிருப்பது கடைக்குள் இருந்த பெண். கவனக் கடமை என்பது பொதுவெளியில் காற்றுபோல் மிதக்கும் ஒன்று அல்ல. இன்னாருக்கு இன்னார் கடமைப்பட்டவர் என்று ஆள் வாரியாகத்தான் அதைக் கேட்க வேண்டும். பாதசாரிக்கு இழைத்த தவற்றை அடித்தளமாக வைத்து, அந்தப் பெண் தன் வழக்கைக் கட்ட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி 'விபத்தை எதிர்பார்த்திருக்க முடியுமா' என்பதல்ல. 'இந்த இடத்தில், இந்தத் தொலைவில் இருந்த இவருக்கு அதிர்ச்சி வரும் என்று எதிர்பார்த்திருக்க முடியுமா' என்பதே.

இந்தக் கேள்வியை நான் கட்டியதே போர்ஹில் எதிர் யங் வழக்கை மனத்தில் வைத்துத்தான். 1938-இல் எடின்பரோவில் மோட்டார் சைக்கிளில் வேகமாகச் சென்ற யங் ஒரு காரில் மோதி இறந்தார். சுமார் 50 அடி தள்ளி, டிராமிலிருந்து இறங்கித் தன் மீன்கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டிருந்தார் கர்ப்பிணியான போர்ஹில். டிராம் மறைத்ததால் மோதல் அவர் கண்ணில் படவில்லை, சத்தம்தான் கேட்டது. பிறகு இரத்தத்தைப் பார்த்தார். அவருடைய குழந்தை இறந்தே பிறந்தது. தனக்கு அடிபடும் என்று தான் பயப்படவில்லை என்பதையும் அவர் ஒப்புக்கொண்டிருந்தார். அன்று பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1942-இல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. யங் கவனக்குறைவாக ஓட்டினார் என்பதில் நீதிபதிகளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கவனக்குறைவு போர்ஹிலை நோக்கியது அல்ல என்றார்கள். அ விடையைத் தேர்ந்தெடுப்பவர் வழக்கின் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்.

சரி, ஆ விடைக்கு வருவோம். பாதிக்கப்பட்டவரை அவர் இருந்த நிலையிலேயே ஏற்க வேண்டும் என்ற 'முட்டை ஓட்டு மண்டை' விதியை மனப்பாடம் செய்தவர்களை இது அப்படியே அள்ளிக்கொண்டு போகும். கேள்வியில் கர்ப்பிணி என்ற சொல்லைப் போட்டதே அதற்காகத்தான். அந்த விதி உண்மையானதே, ஆனால் அது வேலை செய்வது இரண்டாம் கட்டத்தில். முதலில் கடமை இருந்தது, அது மீறப்பட்டது என்று நிறுவ வேண்டும். அப்புறம்தான், பாதிப்பு எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக ஏன் இருக்கிறது என்ற பேச்சு வரும். அங்கே பிரதிவாதி 'இவர் பலவீனமானவர், அதனால்தான் இவ்வளவு' என்று சொல்லித் தப்ப முடியாது. கடமை இருந்ததா என்று பார்க்கும் முதல் கட்டத்தில், வழிப்போக்கரைச் சாதாரண மனத்திடம் உள்ளவராகவே வைத்து அளக்கிறோம். சாலையில் நடப்பவர்கள் சத்தத்தையும் கோரக் காட்சியையும் ஓரளவு தாங்கக்கூடியவர்கள் என்ற அனுமானம் போர்ஹில் தீர்ப்பிலேயே இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கே அந்த இடத்தில் அதிர்ச்சி வந்திருக்குமா என்று பாருங்கள். வந்திருக்காது என்றால் கர்ப்பம் பற்றிய பேச்சே எழாது.

இ விடையில் சரியான முடிவு, தவறான காரணம். இந்த வகை விடைதான் நேரம் குறையும்போது காலை வாரும். 'பொறுப்பு இல்லை' என்பது வரை சரியாகப் போய், இரண்டு விடைகளில் சுருக்கமானதைக் குறித்துவிடுவோம். உடல் காயம் இல்லாமல் இழப்பீடு இல்லை என்ற நிலையைச் சட்டம் எப்போதோ கடந்துவிட்டது. 1901-இலேயே, மதுக்கடைக்குள் புகுந்த குதிரை வண்டியால் பயந்துபோன பெண் தன் உயிருக்கு அஞ்சியதால் வென்றார். பின்னர் ஹாம்ப்ரூக் எதிர் ஸ்டோக்ஸ் வழக்கில், பிள்ளைகள் நடந்துபோன திசையிலிருந்து கட்டுப்பாடற்ற லாரி ஒன்று வளைவைத் தாண்டி ஓடிவருவதைத் தாய் பார்த்தார். அவருடைய அச்சம் பிள்ளைகளுக்காக, தனக்காக அல்ல. அதுவும் ஏற்கப்பட்டது. ஆனால் ஒன்று: சட்டம் கேட்பது மருத்துவம் அங்கீகரித்த மனநோய். வெறும் துக்கம், சில நாள் தூக்கமின்மை, படபடப்பு போதாது. கேள்வியில் 'மிகவும் வருந்தினார்' என்று மட்டும் இருந்தால் அங்கேயே வழக்கு நின்றுவிடும்.

இனி அதே கேள்வியில் ஒரு தகவலை மாற்றுவோம். அடிபட்டவர் அந்தப் பெண்ணின் பத்து வயது மகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'தாய் என்றால் எதிர்பார்க்கத்தக்கதுதானே, வென்றுவிடுவார்' என்று உடனே குறிப்பவர்கள் உண்டு. 1989-இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த நெரிசலைத் தொடர்ந்த அல்காக் வழக்கில் (தீர்ப்பு 1991-இன் இறுதியில் வந்தது), எதிர்பார்க்கத்தக்கது என்பது மட்டும் போதாது என்று பிரபுக்கள் அவை தெளிவாக்கியது. அன்புப் பிணைப்பு நெருக்கமாக இருக்க வேண்டும். நேரத்திலும் இடத்திலும் விபத்துக்கோ அதன் உடனடிப் பின்விளைவுக்கோ அருகில் இருந்திருக்க வேண்டும். மற்றவர் சொல்லிக் கேட்டதாக இல்லாமல், தன் கண்ணாலோ காதாலோ உணர்ந்ததாக இருக்க வேண்டும். மகன் என்பது இவற்றில் முதலாவதை மட்டுமே நிறைவேற்றுகிறது.

ஆகவே தாய் ஓடிவந்து மகனைக் கம்பிகளுக்கு அடியில் பார்த்தார் என்றால் வழக்கு வலுவானது. வீட்டிலிருந்தவருக்குத் தொலைபேசியில் செய்தி மட்டும் கிடைத்து, அதைக் கேட்டே நோய் வந்தது என்றால் தோற்பார். இடைப்பட்ட நிலைதான் கடினம். மெக்லாக்லின் எதிர் ஓபிரையன் வழக்கில் (1982) தாய் விபத்து நடந்த இடத்திலேயே இல்லை. சுமார் 2 மணி நேரம் கழித்து மருத்துவமனையில், இன்னும் துடைக்கப்படாத இரத்தத்தோடும் எண்ணெயோடும் குடும்பத்தாரைப் பார்த்தார். வென்றார். அல்காக்கில் ஒருவர் நெருங்கிய உறவினரின் உடலை அடையாளம் காட்டியது ஏறத்தாழ 8 மணி நேரம் கழித்து. தோற்றார். அதனால் மருத்துவமனை என்ற சொல்லைப் பார்த்ததும் முடிவெடுக்காதீர்கள். எவ்வளவு நேரம் கழித்து, எந்த நிலையில் பார்த்தார் என்று தேடுங்கள்.

உறவு விஷயத்தில் இன்னொரு வழுக்கல். பெற்றோர், பிள்ளை, கணவன் மனைவி, நிச்சயிக்கப்பட்டவர் ஆகியோருக்குப் பிணைப்பு இருப்பதாக ஊகிக்கப்படும். அண்ணன் தம்பிக்கு அப்படி இல்லை, நெருக்கத்தை நிரூபிக்க வேண்டும். மைதானத்திலேயே இருந்து, இரண்டு சகோதரர்களை இழந்த ஒருவர் அந்த நிரூபணம் இல்லாததால் தோற்றார். மனம் ஏற்க மறுக்கும் முடிவுதான், எனக்கும் அது கொடுமையாகவே படுகிறது. ஆனால் விடைத்தாளில் நாம் சட்டத்தைத்தான் சொல்கிறோம்.

அடுத்த மாற்றம்: சரிந்த கம்பிகள் பாதசாரியைக் கொன்றுவிட்டு, நடைபாதையில் நின்ற அந்தப் பெண்ணின் காலடிவரை வந்து நின்றன. இப்போது அவர் வழிப்போக்கரே அல்ல. ஆபத்து வட்டத்துக்குள் இருந்த நேரடிப் பாதிப்பாளர். 1995-இல் தீர்ப்பான பேஜ் எதிர் ஸ்மித் வழக்கின்படி, அவருக்கு உடல் காயம் வரும் என எதிர்பார்த்திருக்க முடிந்தால் போதும். வந்தது மனநோய் மட்டுமே என்றாலும் பரவாயில்லை. உறவு, பிணைப்பு எதுவும் வேண்டாம், மனத்திட அளவுகோலும் வேண்டாம். ஆகவே கேள்வியைப் படிக்கும்போது முதலில் செய்ய வேண்டியது, வாதி எங்கே நின்றார் என்று ஒரு கோடு போட்டுப் பார்ப்பது. அந்த ஒரு முடிவைப் பொறுத்து, பொருந்தும் சோதனையே மாறிவிடுகிறது.

'முன்பின் தெரியாத வழிப்போக்கர் ஒருபோதும் வெல்ல முடியாது' என்ற விடை வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். மிகக் கோரமான பேரழிவு என்றால் அந்நியரும் வெல்லும் வாய்ப்பை முழுக்க மூடிவிட வேண்டியதில்லை என்று அல்காக்கில் சில நீதிபதிகள் கருதினார்கள். ஆனால் 1988 பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடைத் தீ விபத்தை அருகிலிருந்த கப்பலிலிருந்து பார்த்தவரின் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கதவைக் கிட்டத்தட்டச் சாத்திவிட்டது. அல்காக்கை மட்டும் கேட்கும் கேள்வியில் 'ஒருபோதும்' தவறான சொல். நடைமுறையில் என்ன ஆனது என்று கேட்டால் விடை வேறு.

பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் ஒன்றைத் திருத்திக்கொள்ள வேண்டும். 'திடீரென நரம்புகளைத் தாக்கும் அதிர்ச்சி' இருக்க வேண்டும் என்று அவற்றில் தனி நிபந்தனையாகப் போட்டிருக்கும். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2024-இல் பால் எதிர் ராயல் வுல்வர்ஹாம்ப்டன் வழக்கில் அந்த நிபந்தனை தேவையில்லை என்றது. அதே தீர்ப்பு வேறொரு வாசலை அடைத்தது. மருத்துவர் நோயைக் கண்டறியத் தவறியதால் ஒருவர் பின்னாளில் பிள்ளைகள் கண்ணெதிரே இறந்தால், அது விபத்து அல்ல. பார்த்த பிள்ளைகள், பிறருக்கு நேர்ந்ததைக் கண்டு நோயுற்றவர் என்ற இரண்டாம் நிலைப் பாதிப்பாளராக வழக்குப் போட முடியாது. நம் கேள்வியில் லாரியை எடுத்துவிட்டு மருத்துவமனையை வைத்தால், மகன் தாயின் மடியிலேயே இறந்திருந்தாலும் இங்கிலாந்தில் விடை 'பொறுப்பு இல்லை' என்றே வரும்.