அதிகக் குடியும் டெஸ்டோஸ்டிரோன் குறைவும்: ஆண்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அதிகமாகக் குடிக்கும் ஆண்கள் பலர் சோர்வுக்கும் தசைத் தளர்வுக்கும் காரணம் தேடி, ஆண் பாலியல் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கான பரிசோதனை செய்துகொள்கிறார்கள். அளவு குறைவு என்று தெரிந்ததும் அதை ஏற்றுவதற்கான மருந்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த எண்ணை இறக்கிய மது அப்படியே தொடர்கிறது. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

நாற்பது வயதை ஒட்டிய, 80 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் இரவு ஒன்பது மணியளவில் குடிக்கத் தொடங்கி, 60 மி.லி. அளவில் ஐந்து பெக் விஸ்கி குடிக்கிறார். 40 சதவீத மதுவில் 300 மி.லி. என்பது ஏறத்தாழ 95 கிராம் தூய ஆல்கஹால் ஆகும். ஒரே அமர்வில் 60 கிராம் அல்லது அதற்கு மேல் குடிப்பதையே உலக சுகாதார நிறுவனம் மிகைக்குடி என்று வகைப்படுத்துகிறது. கல்லீரல் மணிக்குச் சுமார் 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும் என்பதால், மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் ஆய்வகத்தில் கையை நீட்டும்போதும் ரத்தத்தில் மது மிச்சமிருக்கலாம். அன்று எடுத்த ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் 270 நானோகிராம் என்று வருகிறது. ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பல மருத்துவர்கள் கருதுவதால், தமக்கு ஹார்மோன் குறைபாடு இருப்பதாக அவர் முடிவு செய்துவிடுகிறார்.

முதல் தவறு இங்கேயே நடந்துவிட்டது. விந்தகத்திலுள்ள லேடிக் செல்கள் கொலஸ்டிராலிலிருந்து டெஸ்டோஸ்டிரோனைப் படிப்படியாக உருவாக்குகின்றன. அந்தப் படிகளில் ஒன்றுக்கு என்ஏடி என்னும் துணைப்பொருள் தேவை. மதுவைச் சிதைக்கும் நொதிகளும் அதே என்ஏடியைத்தான் செலவழிக்கின்றன என்பதால், மது எரிந்துகொண்டிருக்கும் நேரத்தில் ஹார்மோன் உற்பத்தி தளர்கிறது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, விந்தகத்தைத் தூண்டுவதற்கு அனுப்பும் எல்.எச். என்னும் ஹார்மோனையும் அதிகக் குடி அடக்கிவைக்கிறது. ஆகவே ஓர் இரவின் மிகைக்குடியே மறுநாள் அளவை இறக்கிக் காட்டப் போதுமானது. சில நாட்களாவது மது இல்லாமல், இரவு நன்றாக உறங்கி, காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையே வெறும் வயிற்றில், இரு வேறு நாட்களில் எடுத்த பரிசோதனையைத்தான் நம்பத் தகுந்ததாகக் கொள்ள வேண்டும்.

இதற்கு நேர்மாறாகவும் ஏமாறலாம். நெடுங்காலக் குடியால் கல்லீரல் பழுதடையும்போது, பாலியல் ஹார்மோன்களைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தில் சுமந்து செல்லும் எஸ்.எச்.பி.ஜி. என்னும் புரதம் கூடுகிறது. அந்நிலையில் மொத்த டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும், செல்களுக்குள் சென்று வேலை செய்யக்கூடிய கட்டற்ற பங்கு குறைந்திருக்கும். கூடவே, டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரடையோல் என்னும் பெண் பாலியல் ஹார்மோனாக மாறுவதும் அதிகரிக்கிறது. மார்பு வீங்கி வலிப்பதும், விந்தகம் சுருங்குவதும், உடல்முடி உதிர்வதும் தெரிந்தால், மொத்த அளவு சரியாக இருக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாது.

தூக்கத்துக்காகக் குடிப்பது அடுத்த தவறு. என் கருத்தில், அதிகமாகத் தீங்கு செய்வதும் இதுதான். கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோன் இயல்பாக விடியலில் உச்சத்தைத் தொட்டு நள்ளிரவை ஒட்டி மிகக் குறைந்திருக்க வேண்டும். மிகைக்குடி அதை இரவிலும் உயர்த்துகிறது. மது வடியும்போது உண்டாகும் சிறு விலகல் நிலை மறுபடியும் உயர்த்துகிறது. குடித்தவுடன் கண் சொக்குவது உண்மைதான். ஆனால் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கு நெஞ்சு படபடக்க, வியர்த்து விழித்துக்கொண்டு, மீண்டும் உறங்க முடியாமல் புரள்வதும் அதே குடியின் பின்பாதிதான். டெஸ்டோஸ்டிரோனின் அன்றாட ஏற்றம் உறக்கத்தை ஒட்டியே நிகழ்வதாலும், தொடர்ந்து உயர்ந்திருக்கும் கார்டிசால் மூளையிலிருந்து விந்தகத்துக்குப் போகும் தூண்டலைக் குறைப்பதாலும், ஒரே இரவில் இரு பக்கமும் இழப்பு ஏற்படுகிறது. காலையில் வரும் அசதியை வயதின் மீது போட்டுவிட்டு, மாலையில் மீண்டும் உறக்கத்துக்கென்று குடிப்பவர் இந்தச் சுழலிலிருந்து வெளிவர முடிவதில்லை.

தசையைப் பொறுத்தவரை, உடற்பயிற்சி குடியை ஈடுகட்டிவிடும் என்ற நம்பிக்கையைக் கைவிட வேண்டும். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சிக்குப் பின் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் மது குடித்தவர்களுக்கு, புரதம் மட்டும் எடுத்துக்கொண்ட நிலையைவிடத் தசைப் புரத உற்பத்தி 24 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் மதுவுடன் புரதமும் எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். தசை கட்டுவதற்கான உத்தரவை மது செல்லுக்குள்ளேயே மட்டுப்படுத்துகிறது. கார்டிசாலோ இருக்கும் புரதத்தை உடைக்கத் தூண்டுகிறது. விரைவாகச் சுருங்கி வலுவைத் தரும் தசை நார்களே முதலில் மெலிகின்றன. குந்திய நிலையிலிருந்து கை ஊன்றாமல் எழ முடியாமையும், மாடிப்படியில் தொடை தளர்வதும் இதன் அடையாளங்கள். கல்லீரல் நன்றாக இருப்பவருக்கும், ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கும் இந்த மெலிவு வரலாம். மது தசையை நேராகவே தாக்குவதால், டெஸ்டோஸ்டிரோனை மட்டும் ஏற்றி இதைச் சரிசெய்துவிட முடியாது.

ஆயினும் நம்முடைய எடுத்துக்காட்டு மனிதர் ஊசியைத்தான் நாடுவார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி எல்.எச். சுரப்பதை மேலும் குறைத்துக்கொள்கிறது, விந்தகம் சுருங்குகிறது, விந்தணு உற்பத்தி நின்றேகூடப் போகலாம். ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகும் அபாயமும் உண்டு. குடியை நிறுத்தினால் தானே மீளக்கூடிய ஒரு சுரப்பை, குழந்தை வேண்டும் என்று நினைக்கும் வயதில் மருந்தால் அடைத்துவிடுவது பெரும் இழப்பு.

நிறுத்துவதிலும் ஓர் ஆபத்தான தவறு இருக்கிறது. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர், குறிப்பாகக் காலையில் கை நடுங்கி, குடித்தால்தான் நடுக்கம் அடங்குகிறது என்ற நிலையில் இருப்பவர், யாருக்கும் சொல்லாமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாட்களில் கடும் குழப்பமும் மாயக்காட்சிகளும் காய்ச்சலும் தோன்றி உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவக் கண்காணிப்பில், உரிய மருந்தும் தயமின் என்னும் பி1 வைட்டமினும் பெற்று நிறுத்துவதே பாதுகாப்பானது. இந்த விலகல் நாட்களில் கார்டிசால் உச்சத்தில் இருக்கும் என்பதால், அப்போது கடும் பயிற்சியும் பட்டினியும் சேர்ந்தால் தசை இன்னும் கரையும். போதிய புரதமும் நடையும் இலேசான எடைப் பயிற்சியும் அந்தக் காலத்துக்குப் போதும்.

கார்டிசாலும் உறக்கமும் சில வாரங்களில் படிப்படியாகச் சீராகத் தொடங்கும்; தசை வலு திரும்ப மாதங்கள் ஆகும். ஆகவே இரண்டு வாரம் நிறுத்திப் பார்த்துவிட்டுப் பயனில்லை என்று கைவிடாமல், இரண்டு, மூன்று மாதங்கள் மதுவின்றி இருந்தபின் பரிசோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும். அப்போதும் டெஸ்டோஸ்டிரோன் குறைவாகவே இருந்தால் எல்.எச். அளவைப் பார்ப்பார்கள். அது உயர்ந்திருந்தால் விந்தகமே பழுதடைந்திருக்கிறது என்று பொருள். தாழ்ந்தோ சாதாரணமாகவோ இருந்தால் பிட்யூட்டரியின் பக்கம் தேட வேண்டும். அதற்காக, பிட்யூட்டரி சுரக்கும் புரோலாக்டின் என்னும் ஹார்மோனின் அளவையும் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். ஊசி தேவையா என்ற கேள்வியை ஹார்மோன் மருத்துவரிடம் கேட்பதற்குப் பொருத்தமான நேரம் அதுதான்.