வேறு படத்திலிருந்து எடுத்த முகம்: கண், பார்வை, கேட்ச்லைட் மூன்றையும் சரிசெய்வது எப்படி?

கல்யாண ஆல்பத்தில் அடிக்கடி வரும் வேலை இது. மண்டபத்து போர்டிகோவில் நான்கு பேர் நிற்கும் குடும்பப் படம் நன்றாக வந்திருக்கிறது, ஆனால் பாட்டி மட்டும் கண்ணை மூடிவிட்டார். அதே நாளில் மேடையில் எடுத்த அவருடைய தனிப்படம் ஒன்று கையில் இருக்கிறது. அந்த முகத்தை எடுத்து இங்கே வைக்கிறோம். தோல் நிறம் சேர்ந்துவிட்டது, கழுத்து விளிம்பும் மறைந்துவிட்டது. ஆனாலும் படத்தைப் பார்க்கும் யாரும் பாட்டியிடம்தான் தடுக்கி நிற்பார்கள். காரணம் பெரும்பாலும் கண்ணில்தான் இருக்கும்.

முகத்தை வெட்டி ஒட்டி, தோல் நிறத்தைப் பொருத்துவது வரை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, கண்ணை மட்டும் இங்கே பார்ப்போம். மென்பொருள் ஃபோட்டோஷாப். வரிசை முக்கியம்: கண்ணில் விளக்கு பிரதிபலித்துத் தெரியும் பழைய ஒளிப்புள்ளியை, அதாவது கேட்ச்லைட்டை அழிப்பது, பார்வையைத் திருப்புவது, வெண்விழியை அடக்குவது, கடைசியில் புது ஒளிப்புள்ளி. பலரும் கேட்ச்லைட்டில்தான் ஆரம்பிக்கிறார்கள். பிறகு கருவிழியை நகர்த்தும்போது அதுவும் சேர்ந்து நகர்ந்து, எல்லாம் கெட்டுவிடுகிறது.

முதலில் அளவு

பெரியவர்களுக்குக் கருவிழியின் குறுக்களவு ஏறக்குறைய 11.7 மில்லிமீட்டர். ஆளுக்கு ஆள் இது மிகக் கொஞ்சமே மாறும். அதனால் படத்துக்குள்ளேயே கிடைக்கும் நம்பகமான அளவுகோல் இதுதான்.

நம் படம் 6000 பிக்சல் அகலம், அதில் தெரியும் இடம் சுமார் 2.5 மீட்டர். கணக்குப் போட்டால் பக்கத்தில் நிற்பவர்களின் கருவிழி 28 பிக்சல் வரும். மேடைப் படத்தில் ஒரு மீட்டர் அகலம்தான் தெரிகிறது, எனவே அங்கே பாட்டியின் கருவிழி 70 பிக்சல். அப்படியானால் முகத்தை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். கண்ணளவில் 46 சதவீதம் வைத்தவர்களுக்கு, 'தலை கொஞ்சம் பெரிதாகத் தெரிகிறதே' என்ற உறுத்தல் கடைசிவரை தீராது. அவர் மற்றவர்களைவிட ஒரு வரிசை பின்னால் நின்றால் மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள்.

குறைப்பதற்கு முன் முக லேயரை `Convert to Smart Object` செய்துவிடுங்கள். அதை இரட்டை க்ளிக் செய்தால் முழு அளவு முகம் தனி சன்னலில் திறக்கும். கண் வேலை முழுவதையும் அங்கேயே, 70 பிக்சல் கருவிழியில் செய்யுங்கள். `Ctrl+S` அழுத்தினால் எல்லாம் சேர்ந்து குறைந்து குடும்பப் படத்தில் வந்து உட்காரும். 28 பிக்சல் கருவிழியில் நேரடியாக பிரஷ் ஓட்டினால், நாம் வரைந்த இடம் மட்டும் கூர்மையாகத் துருத்தித் தெரியும். இந்த முறையில் அந்தத் தொல்லை இல்லை.

பழைய ஒளிப்புள்ளிகளை அழிப்பது

மேடையில் இரண்டு பக்கமும் குடை வைத்த ஃபிளாஷ் இருந்தது. அதனால் பாட்டியின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு புள்ளிகள், கடிகார முள் கணக்கில் 10 மணியிலும் 2 மணியிலும். போர்டிகோவில் ஒளி ஒரே இடத்திலிருந்து வருகிறது, இடப்பக்கம் மேலே தெரியும் வானத்திலிருந்து. மற்ற மூவர் கண்ணிலும் 11 மணியில் ஓர் அகலமான மென்மையான வெளிச்சம் மட்டுமே இருக்கிறது. பாட்டியின் கண் வேறு இடத்தைச் சேர்ந்தது என்று சொல்லிக்கொடுப்பது இந்த வேறுபாடுதான்.

புது வெற்று லேயர் ஒன்று போடுங்கள். `Clone Stamp` எடுத்து, மேலே `Sample` என்ற இடத்தில் `Current & Below` வையுங்கள். பிரஷ் 8 முதல் 10 பிக்சல், ஹார்ட்னஸ் 40 சதவீதம். புள்ளிக்குப் பக்கத்தில் உள்ள கருவிழியிலிருந்தே எடுத்து மூடுங்கள். அடர் பழுப்புக் கண்ணில் நார் போன்ற வடிவங்கள் அதிகம் தெரியாது, வேலை எளிதாக முடியும். `Healing Brush` இங்கே வேண்டாம். அது சுற்றியுள்ள வெளிச்சத்தையும் கலந்துவிடும், புள்ளி இருந்த இடத்தில் சாம்பல் திட்டு மிஞ்சும்.

வயதானவர்களின் கருவிழி ஓரத்தில் வெளிர்சாம்பல் வளையம் ஒன்று இருக்கும். அது ஒளி அல்ல, வயதில் வருவது. அதைத் தொடாதீர்கள். அழித்தால் கண் அழகாகலாம், ஆனால் அது பாட்டியின் கண்ணாக இருக்காது.

புள்ளிகள் போனதும் கண் உயிரற்றுத் தெரியும். அப்படித்தான் தெரிய வேண்டும். அவசரப்பட்டு இப்போதே வெள்ளை வைக்காதீர்கள்.

பார்வையைத் திருப்புவது

மேடையில் பாட்டி பார்த்தது பக்கத்தில் நின்ற வீடியோ கேமராவை. குடும்பப் படத்தில் மற்றவர்கள் நேராக லென்ஸைப் பார்க்கிறார்கள். எவ்வளவு தள்ள வேண்டும் என்பதை அளந்தே முடிவு செய்யலாம். முகம் நேராக இருந்து பார்வையும் நேராக இருந்தால், கருவிழிக்கு இரு பக்கமும் வெண்விழி ஏறக்குறைய சமமாக இருக்கும். மூக்கோரத்து இளஞ்சிவப்புச் சதையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பாட்டியின் கண்ணில் இடப்பக்கம் 48 பிக்சல், வலப்பக்கம் 38. மற்றக் கண்ணில் 47, 37. வித்தியாசம் 10 என்பதால் பாதி, அதாவது 5 பிக்சல் இடப்பக்கம் தள்ள வேண்டும். இது அற்பமாகத் தோன்றும். ஆனால் இந்த அளவில் ஒரு பிக்சலுக்குப் பார்வை ஏறக்குறைய 0.8 டிகிரி திரும்புகிறது. 5 பிக்சல் என்றால் 4 டிகிரி. கேமரா 3 மீட்டர் தூரத்தில் இருந்தால், லென்ஸுக்கு 20 சென்டிமீட்டர் பக்கத்தில் பார்ப்பதற்கும் லென்ஸைப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

செய்யும் முறை: `Ctrl+Alt+Shift+E` அழுத்தி எல்லாவற்றையும் ஒரே லேயராக மேலே எடுங்கள். `Elliptical Marquee` கொண்டு கருவிழியை, வெளியே 4 பிக்சல் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, `Feather` 2 பிக்சல் கொடுத்து `Ctrl+J`. அந்த லேயரை ஒரு குரூப்பில் போட்டு, குரூப்புக்குக் கண் திறப்பின் வடிவத்தில் மாஸ்க் போடுங்கள். இந்த மாஸ்க் இல்லாவிட்டால் மேல் இமையின் நிழலும் இமை முடியும் கருவிழியோடு நகர்ந்து, முடி இரட்டையாகத் தெரியும். பிறகு `Move Tool` எடுத்து இடது அம்புக்குறியை 5 முறை தட்டுங்கள். நகர்ந்த லேயருக்கு அடியில், வலப்பக்கம் பிறைபோல் மிஞ்சும் பழைய கருவிழி விளிம்பை அருகிலுள்ள வெண்விழியால் மூடுங்கள். இரண்டு கண்ணிலும் ஒரே அளவு, ஒரே திசை.

கருவிழியின் ஓரம் எப்போதும் கொஞ்சம் மங்கலாகத்தான் வெண்மையில் கரையும். 4 பிக்சல் சேர்த்து எடுக்கச் சொன்னது அதற்காகத்தான். ஒட்டி வெட்டினால் பொம்மைக் கண்ணாகிவிடும்.

அளவு சரியாக இருந்தும் பார்வை வேறெங்கோ போவதுபோல் தெரிந்தால், தலையைப் பாருங்கள். ஆங்கிலேய விஞ்ஞானி வில்லியம் ஹைட் வொலாஸ்டன் 1824-லேயே இதைக் காட்டியிருக்கிறார்: கண்களைத் துளியும் மாற்றாமல், சுற்றியுள்ள மூக்கையும் முகத்தையும் மட்டும் வேறு பக்கம் திருப்பி வரைந்தால், அந்தக் கண்கள் வேறு திசையில் பார்ப்பதாகவே நமக்குத் தோன்றும். முகத்தைத் திருப்ப `Warp` அல்லது `Liquify` பயன்படுத்தியிருந்தால், பார்வையும் அதனோடு இழுபட்டிருக்கும். ஆகவே பார்வையைத் தொடுவதற்கு முன் தலை வேலை முழுவதும் முடிந்திருக்க வேண்டும். திரும்பிய தலைக்கு 'இரு பக்கமும் சமம்' என்ற கணக்கும் பொருந்தாது. அதே கோணத்தில் நிற்கும் இன்னொருவரின் கண்ணைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

வெண்விழி

பெயரில்தான் வெண்மை. 0 கறுப்பு, 255 வெள்ளை என்ற கணக்கில், மேடை ஃபிளாஷில் பாட்டியின் வெண்விழி 215-ஐத் தாண்டுகிறது. போர்டிகோவில் பக்கத்தில் நிற்பவருடையதை `Eyedropper` வைத்துப் பார்த்தால் நடுவில் 170 சுற்றி, மேல் இமைக்கு அடியில் 130 சுற்றி இருக்கிறது. குரூப்புக்குள் ஒரு `Curves` லேயர் போட்டு, வெண்விழிக்கு மட்டும் மாஸ்க் செய்து அந்த அளவுக்கு இறக்குங்கள். பிறகு `Multiply` லேயரில் அடர் பழுப்பு, 10 சதவீத ஒபாசிட்டியில், மேல் இமையை ஒட்டி மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு நிழல் பூசுங்கள். கருவிழியின் மேல் பகுதியிலும் அந்த நிழல் தொடர வேண்டும். இமை நிழல் இல்லாத கண் முகத்தின் மேல் ஒட்டிய ஸ்டிக்கர்போல இருக்கும்.

கடைசியில் புது கேட்ச்லைட்

கண்ணின் முன்பகுதி ஒரு குவிந்த கண்ணாடி. விளக்கு இருக்கும் திசையைத்தான் அது காட்டும், கண் எங்கே பார்க்கிறது என்பதை அல்ல. இரண்டு கண்ணிலும் புள்ளி ஒரே பக்கம் இருப்பதற்கும் காரணம் இதுவே. ஒரு கண்ணில் 11 மணி என்றால் மற்றதிலும் 11 மணிதான். ஒன்றை வரைந்து, `Flip Horizontal` செய்து மற்றதில் வைத்தால் 11-க்கு எதிரே 1 மணி வந்துவிடும். தொடக்கக்காரர்களிடம் அதிகம் காணும் பிழை இதுதான்.

பக்கத்து நபரின் ஒளிப்புள்ளியிலிருந்தே நிறத்தை எடுங்கள். வான ஒளி சுத்த வெள்ளையாக இருக்காது, சற்று நீலம் கலந்த 220 சுற்றித்தான் இருக்கும். பிரஷ் 12 பிக்சல், ஹார்ட்னஸ் 60. புது லேயரில், கருவிழிக்குள் 11 மணியில் ஒரு தட்டு, `Ctrl+T` கொண்டு குறுக்கே கொஞ்சம் அகட்டுங்கள். மேல் விளிம்பை இமை மறைக்கட்டும், குரூப் மாஸ்க் அதைப் பார்த்துக்கொள்ளும். திருப்பாமல் நகலெடுத்து மற்றக் கண்ணில் அதே இடத்தில் வையுங்கள். இமை முடி குறுக்கே வந்தால், மாஸ்க்கில் மெல்லிய கறுப்புக் கோடுகளால் புள்ளியை அங்கங்கே வெட்டுங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் மறக்கக் கூடாது. 11 மணியில் நுழையும் ஒளி, கண்ணுக்குள் வளைந்து 5 மணிப் பக்கத்துக் கருவிழியை இலேசாக ஒளிரச் செய்யும். அங்கே பிறை வடிவில் `Curves` கொண்டு சிறிது ஏற்றுங்கள். செத்த கண்ணுக்கு உயிர் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். புள்ளியைப் பெரிதாக்குவதால் அது வராது.

சரிபார்ப்பு

சேமித்து, குடும்பப் படத்துக்குத் திரும்புங்கள். குறைத்ததில் முகத்தின் நாய்ஸ் போயிருக்கும், அதனால் அந்த முகம் மட்டும் வழுவழுவென்று தெரியலாம். `Filter > Noise > Add Noise` சென்று, `Gaussian`, `Monochromatic`, 1 முதல் 2 சதவீதம் கொடுங்கள். பெரிதாக்கிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், 100 சதவீதத்திலும் 50-லும் பாருங்கள். படத்தை ஒருமுறை கிடையாகத் திருப்பிப் பார்த்தால், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணல் உடனே தெரியும்.

ஒரு வகைப் படத்தில் மட்டும் இந்த முறை உதவாது. பாட்டி கீழே பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுத்த முகம் என்றால், மேல் இமையும் விழியோடு கீழே இறங்கியிருக்கும். கருவிழியை மட்டும் மேலே தூக்கினால் இமைக்குள் புதைந்துவிடும். பக்கவாட்டிலும் 10 டிகிரி, அதாவது இந்த அளவில் 12 பிக்சல் தாண்டினால் கருவிழியின் வட்டமே நீள்வட்டமாக மாற வேண்டியிருக்கும். அந்த நிலையில் இழுத்துப் பார்ப்பதைவிட, அதே மெமரி கார்டில் வேறு ஃபிரேம் இருக்கிறதா என்று தேடுங்கள்.