அடி, அங்குலக் கூட்டலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டு வரைபடத்தில் 10'-10" என்று அச்சிட்டிருக்கும் அளவைத் தம் குறிப்பேட்டில் பலர் 10.10 என்று எழுதிக்கொள்கிறார்கள். எழுதுவதற்கு எளிதாக இருப்பதாலும், கைப்பேசியின் கால்குலேட்டரில் அப்படியே தட்டிவிடலாம் என்பதாலும் இந்தப் பழக்கம் பரவியிருக்கிறது. அடி, அங்குலக் கூட்டலில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு புள்ளியிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து. புள்ளிக்கு வலப்புறம் பத்து சேர்ந்தால் இடப்புறம் ஒன்று கூடும் என்பது கால்குலேட்டரின் கணக்கு. பன்னிரண்டு அங்குலம் சேர்ந்தால்தான் ஓர் அடி கூடும் என்பது நம் அளவின் கணக்கு. இரண்டையும் ஒரே புள்ளியால் குறித்தால் கால்குலேட்டர் தன் கணக்கைத்தான் போடும்.

ஒரு சிறிய வீட்டின் நீளத்தை எடுத்துக்கொள்வோம். வெளிச்சுவர் 9 அங்குலம், கூடம் 14 அடி 8 அங்குலம், நடுச்சுவர் நாலரை அங்குலம், படுக்கையறை 10 அடி 10 அங்குலம், மறுபுற வெளிச்சுவர் 9 அங்குலம். இவற்றைப் புள்ளி வைத்துத் தட்டினால் 0.9, 14.8, 0.45, 10.10, 0.9 என்று வரும், கூட்டுத்தொகை 27.15. இதை 27 அடி ஒன்றரை அங்குலம் என்று ஒருவர் படிப்பார். 27 அடி 15 அங்குலம், அதாவது 28 அடி 3 அங்குலம் என்று இன்னொருவர் படிப்பார். சரியான விடை இரண்டும் அல்ல. அது 27 அடி நாலரை அங்குலம். முதல்வருக்கு மூன்று அங்குலம் குறைகிறது, இரண்டாமவருக்குப் பத்தரை அங்குலம் கூடுகிறது. ஆனாலும் இரண்டு விடைகளுமே நம்பும்படியாகத் தோற்றமளிக்கின்றன. 270 அடி என்று வந்திருந்தால் யாரும் உடனே நிமிர்ந்து பார்த்திருப்பார்கள்.

இந்தக் கணக்கைத் தாளில் போடும்போது அடிக்கு ஒரு பத்தியும் அங்குலத்துக்கு ஒரு பத்தியும் தனித்தனியாக வைக்க வேண்டும். அங்குலங்கள் 9, 8, 4½, 10, 9 ஆகியவற்றைக் கூட்டினால் 40½. அதில் பன்னிரண்டு மூன்று முறை அடங்கும். 36 போக 4½ மிஞ்சும். அடிப் பத்தியில் 14 உம் 10 உம் சேர்ந்து 24. மேலே ஏறிய 3 ஐயும் சேர்த்தால் 27. இந்த இடத்தில் நடக்கும் தவறு, பள்ளிப் பழக்கத்தில் ஒன்றை மட்டும் ஏற்றிவிட்டு 25 அடி 28½ அங்குலம் என்று நிறுத்திக்கொள்வதாகும். ஐந்தாறு அளவுகளைச் சேர்த்துக் கூட்டும்போது இரண்டு, மூன்று அடிகள் ஏறுவது இயல்பே. மிஞ்சும் அங்குலம் பன்னிரண்டுக்குக் கீழே வரும்வரை கழித்துக்கொண்டே போக வேண்டும். அடி இல்லாத அளவுகளுக்கு அடிப் பத்தியில் 0 என்று எழுதிவிடுவதும் அவசியம். வெறும் 9 என்று எழுதிய சுவர்க்கனம், அவசரத்தில் கூட்டுபவர் கண்ணுக்கு ஒன்பது அடியாகப் படலாம்.

சிலர் 40½ ஐப் பன்னிரண்டால் வகுக்கக் கால்குலேட்டரை எடுப்பார்கள். திரையில் 3.375 என்று வரும். அந்த 3 அடிதான், ஆனால்.375 என்பது அங்குலம் அல்ல, ஓர் அடியின் பகுதி. அதைப் பன்னிரண்டால் பெருக்கினால்தான் 4½ அங்குலம் கிடைக்கும். இதை மறந்து 3 அடி மூன்றே முக்கால் அங்குலம் என்று எழுதுவோர் உண்டு.

பேச்சில் சொல்லப்படும் அளவுகளிலும் இதே குழப்பம் நுழைகிறது. கொத்தனார் 'பத்தரை அடி' என்றால் 10 அடி 6 அங்குலம்; 'பத்தேகால்' என்றால் 10 அடி 3 அங்குலம்; 'பத்தே முக்கால்' என்றால் 10 அடி 9 அங்குலம். கேட்டு எழுதுபவர் பத்தரையை 10.5 என்று குறிப்பது தசமக் கணக்கில் சரியே. ஆனால் அதே பட்டியலில் 10 அடி 5 அங்குலமும் 10.5 என்றே இருந்தால், மறுநாள் அதைப் பார்ப்பவருக்கு எது எது என்று தெரிய வழியே இல்லை. ஆகவே காதில் விழுந்த உடனேயே பத்தரையை 10 அடி 6 அங்குலம் என்று மாற்றி எழுதிவிடுவதுதான் பாதுகாப்பானது.

எக்செல் போன்ற அட்டவணைகளில் இந்தப் புள்ளி இன்னொரு தீங்கையும் செய்கிறது. 10.10 என்று உள்ளிட்டால் அது இயல்பாக 10.1 என்று மாறிவிடும். பத்து அங்குலம் ஓர் அங்குலமாகச் சுருங்கிவிடும். அங்கும் அடியை A பத்தியிலும் அங்குலத்தை B பத்தியிலும் பிரித்து வைத்து, முழுவதையும் அங்குலமாக்கிக் கூட்டிவிட்டுப் பிறகு பிரிப்பதே நல்லது. ஐந்து அளவுகள் இரண்டாம் வரிசையிலிருந்து ஆறாம் வரிசைவரை இருந்தால், D2, D3, D4 கட்டங்களில் முறையே இவற்றை எழுதலாம்:

```
=SUM(A2:A6)*12+SUM(B2:B6)
=INT(D2/12)
=MOD(D2,12)
```

மேலே கண்ட வீட்டுக்கு இவை 328.5, 27, 4.5 என்று காட்டும்.

மரவேலையில் அங்குலத்துக்குக் கீழே நூல் கணக்கும் சேர்ந்துகொள்கிறது. எட்டு நூல் ஓர் அங்குலம். எனவே ஒரே கூட்டலில் ஒரு பத்தி எட்டில் ஏறும், அடுத்தது பன்னிரண்டில் ஏறும். 2 அடி 7 அங்குலம் 5 நூல் நீளமுள்ள சட்டத்தோடு 3 அடி 4 அங்குலம் 6 நூல் சட்டத்தைச் சேர்ப்போம். நூல்கள் 11; அதில் எட்டை ஓர் அங்குலமாக ஏற்றினால் 3 நூல் மிஞ்சும். அங்குலங்கள் 7, 4, ஏறிய 1 ஆக 12. இது சரியாக ஓர் அடி ஆகிவிடுவதால் அங்குலப் பத்தியில் 0 தான் நிற்க வேண்டும். அடிகள் 2, 3, ஏறிய 1 ஆக 6. விடை 6 அடி 0 அங்குலம் 3 நூல். இங்கே 5 அடி 12 அங்குலம் 3 நூல் என்று விட்டுவிடுவது நீளத்தில் பிழை அல்ல. ஆனால் அடுத்த கூட்டலுக்கு அதை எடுத்துச் செல்பவர், ஏற்ற வேண்டியதை முன்பே ஏற்றிவிட்டார்கள் என்று எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது. அதைவிட மோசமானது 0 ஐ எழுதாமல் விடுவது. அப்போது 3 நூல் என்பது 3 அங்குலமாகப் படிக்கப்பட்டுவிடும்.

கூட்டி முடித்த விடையைச் சரிபார்க்க, இடம் அனுமதித்தால், மொத்த நீளத்தை டேப்பால் ஒரே இழுப்பில் அளந்து ஒப்பிடலாம். இரண்டுக்கும் இடையே அரை அங்குலம், ஓர் அங்குலம் வேறுபட்டால் கணக்கைக் குறை சொல்ல வேண்டியதில்லை. அறைகளைப் பூச்சுக்குப் பிறகும் சுவரைப் பூச்சுக்கு முன்பும் அளந்திருந்தாலே அவ்வளவு வேறுபாடு வந்துவிடும். வேறுபாடு சரியாக 12 அங்குலம் என்றால் எங்கோ ஓர் அடியை ஏற்ற மறந்திருக்கக்கூடும். 9 அங்குலம் குறைந்திருந்தால் பட்டியலில் 10 அங்குலம் என்று முடியும் அளவு புள்ளியால் 1 ஆகச் சுருங்கிவிட்டதா என்று தேட வேண்டும். ஒன்பது அங்குலச் சுவர் ஒன்று விடுபட்டாலும் இதே குறை வரும். வேறுபாடு 2, 4, 6, 8 என்று இரட்டைப்படையில் கூடியிருந்தால் பன்னிரண்டுக்குப் பதிலாகப் பத்தில் ஏற்றியிருக்கலாம், ஏனென்றால் அப்படி ஏற்றும் ஒவ்வோர் அடியிலும் இரண்டு அங்குலம் அதிகமாகிறது. நம் வீட்டின் 40½ அங்குலத்தை அப்படி ஏற்றினால் 4 அடி அரை அங்குலம் ஆகி, மொத்தம் 28 அடி அரை அங்குலம் என்று வரும். உண்மையான நீளத்தைவிட எட்டு அங்குலம், அதாவது நான்கு முறை இரண்டு அங்குலம், கூடுதலாக இருக்கும்.