ஆயாவின் பேசும் கடிகாரம்

பார்வையிழந்த ஆயாவுக்குக் காரைக்குடியில் முதலில் தடவிப் பார்க்கும் கடிகாரம்தான் வாங்கினேன். சர்க்கரை நோயால் விரல் நுனி மரத்திருந்ததால் முள்ளையே தள்ளிவிட்டார்கள், நேரம் தவறியது. பிறகு தமிழ் பேசாவிட்டாலும் பரவாயில்லை என்று ஆங்கிலத்தில் பேசும் கடிகாரம் வாங்கினேன். எண்கள் ஆயாவுக்குப் புரியும்.

மணிக்கொரு முறை ஒலிப்பதற்கான அமைப்பை இயக்கினேன். மறுநாளே ஒலி நின்றுவிட்டது. பழுதில்லை; நேரம் கேட்கும் பொத்தானைத் தேடும்போது பக்கத்துப் பொத்தானை அழுத்தி, ஆயாவே அணைத்திருக்கிறார்கள். நேரம் சொல்லும் பொத்தானில் மட்டும் நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து, மேடாகக் காயவிட்டேன். வளவில் உட்கார்ந்து அதைத் தடவியவர்கள், “இதுதானே பேசும்?” என்றார்கள். இரவில் ஒலித்தால் தூக்கம் கெடுகிறது. படுக்கும்முன் நானே அணைத்துவிடுகிறேன்.