அபார்ட்மெண்ட்டில் தண்ணீர் பங்கீடு: லாரி, போர்வெல், நோட்டீஸ் – கணக்கோடு செய்வது எப்படி?

போர்வெல்லில் தண்ணீர் குறைந்ததும் பல குடியிருப்புகளில் முதலில் ஒட்டப்படுவது "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்" என்ற நோட்டீஸ்தான். எவ்வளவு பயன்படுத்தலாம் என்று அது சொல்லாததால் யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. கணக்கை முதலில் போட்டுவிட்டு நோட்டீஸைக் கடைசியில் எழுதுங்கள். 24 வீடுகள், 80 பேர் உள்ள ஒரு கட்டடத்தை வைத்துப் பார்ப்போம்.

படி 1: செலவு எவ்வளவு?

மாடித் தொட்டியின் கொள்ளளவு 5,500 லிட்டர். காலியாகக் காலியாக அதை ஒரு நாளைக்கு இரண்டு முறை நிரப்ப வேண்டியிருந்தால் செலவு 11,000 லிட்டர். ஒரு வாரம் வாட்ச்மேனிடம் குறித்துவைக்கச் சொல்லிச் சராசரி எடுங்கள்.

படி 2: போர்வெல் எவ்வளவு தரும்?

போர்வெல் குழாயின் கீழே 200 லிட்டர் டிரம் ஒன்றை வையுங்கள். 5 நிமிடத்தில் நிரம்பினால் மணிக்கு 2,400 லிட்டர். ஆனால் இதை 24 மணி நேரத்தால் பெருக்கிவிடக் கூடாது. மோட்டாரை ஓடவிட்டு, எப்போது தண்ணீர் விட்டுவிட்டு வருகிறது, காற்றுக் குமிழோ கலங்கலோ எப்போது தெரிகிறது என்று கவனியுங்கள். ஸ்டார்ட்டரில் அம்மீட்டர் இருந்தால் அதன் முள்ளும் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும். உள்ளே நீர்மட்டம் பம்பு வரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேலும் ஓட்டினால் மோட்டார் காய்ந்து ஓடிப் புகைந்துபோகும்.

நம் கட்டடத்தில் இந்த அறிகுறி 50-வது நிமிடத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 40 நிமிடத்திலேயே நிறுத்திவிட வேண்டும், 1,600 லிட்டர் கிடைக்கும். நீர் மறுபடி ஊற நான்கைந்து மணி நேரம் விட்டு, நாளைக்கு நான்கு முறை ஓட்டினால் 6,400 லிட்டர். டைமரும், தண்ணீர் இல்லாவிட்டால் தானாக மோட்டாரை நிறுத்தும் கருவியும் மாட்டிவிடுவது நல்லது. கோடை முற்ற முற்ற ஊற்று குறையும், எனவே இந்தச் சோதனையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்யுங்கள்.

படி 3: லாரி அட்டவணை

12,000 லிட்டர் லாரி வாரத்தில் இரண்டு நாள்தான் கிடைக்கிறது: திங்கள், வியாழன். நாளுக்குச் சராசரி ஏறக்குறைய 3,400 லிட்டர்.

லாரியில் வந்த அளவைச் சம்ப்பே சொல்லிவிடும். 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள சம்ப்பில் 1 செ.மீ. உயரம் என்பது 120 லிட்டர். முழு லாரி இறங்கினால் நீர்மட்டம் 100 செ.மீ. ஏற வேண்டும். 80 செ.மீ. மட்டும் ஏறினால் வந்தது 9,600 லிட்டர்தான். அளக்கும்போது போர்வெல்லும் மேலே ஏற்றும் மோட்டாரும் நின்றிருக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கு தப்பும். இறக்குவதற்கு முன்னும் பின்னும் அளவுக்கோலைப் போட்டு, டிரைவரின் முன்னிலையிலேயே பதிவேட்டில் எழுதிவிட்டால் பிற்பாடு வாக்குவாதம் இருக்காது.

படி 4: தலைக்கு எவ்வளவு?

போர்வெல் 6,400, லாரி 3,400, ஆக 9,800 லிட்டர். லாரி ஒரு நாள் தாமதமானால் சமாளிக்க, தினமும் 600 லிட்டரைச் சேமிப்பாக ஒதுக்குங்கள். மீதி 9,200. அதை 80 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 115 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் ஏழரை வாளிக்குச் சற்று மேல்.

வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பது நியாயம்போலத் தெரியும், ஆனால் ஆறு பேர் உள்ள வீடு அதில் திண்டாடிப்போகும். தலைக்கணக்குதான் சரி. கைக்குழந்தை, படுக்கையில் இருக்கும் நோயாளி உள்ள வீடுகளுக்குக் கூடுதலாகக் கொடுங்கள்.

நேரம் வைத்துத் தண்ணீர் விடும்போது கீழ்த்தளக் குழாய்களில் வேகமாக வரும், மேல்தளத்தில் சொட்டும். கீழ்த்தளத்துக்குத் தனி வால்வு இருந்தால் அதைப் பாதி மூடுங்கள், இல்லையென்றால் மேல்தளத்துக்கு அரை மணி நேரம் முன்னதாகத் திறக்க வழி பாருங்கள். இரவுப் பணிக்குப் போய்வருபவர்களுக்காகத் தரைத்தளத்தில் ஒரு பொதுக் குழாய் பகலிலும் வரட்டும்.

படி 5: நோட்டீஸ்

> நம் குடியிருப்பில் தினம் 11,000 லிட்டர் செலவாகிறது. இப்போது கிடைப்பது 9,800 லிட்டர். சேமிப்புக்கு 600 போக, ஆளுக்கு 115 லிட்டர் வருகிறது.
> தண்ணீர் வரும் நேரம்: காலை 6 – 8, மாலை 6 – 7.30. மற்ற நேரத்தில் தரைத்தளப் பொதுக் குழாயைப் பயன்படுத்தலாம்.
> தண்ணீர் நின்றதும் குழாய்களை மூடிவிடுங்கள். கார் கழுவுவதற்கு இப்போதைக்கு அனுமதி இல்லை.
> குழந்தை, நோயாளி உள்ளவர்கள் செயலாளரிடம் சொல்லுங்கள், கூடுதல் தண்ணீர் தரப்படும்.
> இந்த ஏற்பாடு ஞாயிறு தோறும் மறுபரிசீலனை செய்யப்படும்.

அதிகம் செலவழித்த வீட்டின் எண்ணை நோட்டீஸில் போடாதீர்கள். வீட்டுக்கு வீடு மீட்டர் இல்லாத கட்டடத்தில் அதை நிரூபிக்கவும் முடியாது, மனக்கசப்புதான் மிஞ்சும். அதற்குப் பதில், லிப்ட் அருகே ஒரு பலகையில் சம்ப்பின் மட்டத்தையும் நேற்றைய மொத்தச் செலவையும் தினமும் காலையில் எழுதிவையுங்கள். செலவு 9,200-ஐத் தாண்டிய நாளில், முதலில் பிளஷ் தொட்டிகளில் ஒழுகல் இருக்கிறதா என்று வீடு வீடாகப் பாருங்கள்.