பாலி இஏஇ: நிபந்தனையோடு வந்த இடத்தை எப்படிப் படிப்பது, தகுதி எட்டாவிட்டால் என்ன செய்வது

இரண்டு வருடங்களுக்கு முன் ஜனவரியில், சாதாரண நிலைத் தேர்வு முடிவு வந்த அன்று மதியம், என் தங்கை மகன் போனில் கேட்டான்: "பெரியம்மா, மொத்தம் 23 தானே வந்திருக்கு, 26க்குள்ள இருந்தா போதும்னு சொன்னாங்க. அப்புறம் ஏன் சீட் இல்லைன்னு காட்டுது?"

பதில் அவன் கையிலிருந்த கடிதத்திலேயே இருந்தது. செப்டம்பரில் வந்த அந்தக் கடிதத்தை வீட்டில் எல்லாரும் பார்த்தோம், "வாழ்த்துகள்" என்ற முதல் வரி வரைக்கும். கீழே இருந்த நிபந்தனைகளை யாரும் சரியாகப் படிக்கவில்லை. இஏஇ என்பது சிங்கப்பூரில் சாதாரண நிலைத் தேர்வு எழுதும் முன்னரே, ஆர்வத்தையும் திறனையும் பார்த்து பாலிடெக்னிக் இடம் தரும் முறை. ஆண்டின் நடுவில் விண்ணப்பித்து, நேர்காணல் முடித்து, தேர்வுக்கு முன்பே இடம் கிடைத்துவிடுவதால் பலரும் "சேர்ந்தாச்சு" என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் நேர்காணல் எவ்வளவு நன்றாகப் போயிருந்தாலும், ஜனவரியில் வரும் தாளில் நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால்தான் இடம் உறுதியாகும். சாதாரண நிலைத் தேர்வு எழுதும் மாணவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். தொழில்நுட்பக் கல்விக் கழகமான ஐடிஇயின் மாணவர்களுக்கான இஏஇ விதிகள் வேறு.

படி 1: கடிதத்தில் இரண்டு நிபந்தனைகள் இருப்பதைக் கவனியுங்கள்

முதல் நிபந்தனை மொத்தப் புள்ளி. ELR2B2 என்ற கணக்கில் இணைப்பாட நடவடிக்கைக்கான போனஸைக் கழித்தபின் 26 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும். தாதிமைப் படிப்புக்கு மட்டும் 28 வரை போகலாம். இங்கே புள்ளி குறையக் குறைய நல்லது என்பதை ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு தாத்தாவுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது நிபந்தனை, அந்தக் குறிப்பிட்ட படிப்பின் குறைந்தபட்சத் தகுதி. இது மொத்தத்தோடு சம்பந்தமே இல்லாத தனிக் கதவு. எடுத்துக்காட்டாக, பொறியியல் டிப்ளோமாக்கள் பலவற்றில் ஆங்கிலம் 7க்குள், கணிதம் 6க்குள், பட்டியலில் உள்ள ஓர் அறிவியல் பாடம் 6க்குள் இருக்க வேண்டும் என்று கேட்பார்கள். வேறு படிப்பில் ஆங்கிலத்துக்குக் கடுமையாகவும் கணிதத்துக்குத் தாராளமாகவும் இருக்கலாம். கடிதத்தில் இது தெளிவாக இல்லையென்றால், அந்தப் படிப்பின் இணையப் பக்கத்தில் நுழைவுத் தகுதிப் பட்டியல் இருக்கும். அதை அச்செடுத்து மேசைக்கு எதிரே ஒட்டுங்கள்.

படி 2: கணக்கைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள்

ELR2B2 என்றால் ஆங்கிலம் ஒன்று, அந்தப் படிப்புக்குத் தொடர்புள்ள பாடங்கள் இரண்டு, மீதமுள்ளவற்றில் சிறந்த இரண்டு. ஆக ஐந்து பாடங்கள். பொறியியல் வகையில் தொடர்புள்ள பாடங்கள் என்பது கணிதமும் ஓர் அறிவியலும். சிறந்த இரண்டில் தமிழும் சேரலாம். தமிழ் "சும்மா தேர்ச்சி" என்றால் போதும் என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். தமிழில் 5க்குப் பதிலாக 2 வாங்கினால் மொத்தம் 3 புள்ளி இறங்கும்.

என் தங்கை மகனின் தாள் இப்படி இருந்தது:

```
ஆங்கிலம்                6
கணிதம்                  7
இணைந்த அறிவியல்         5
தமிழ்                    2
இணைந்த மானிடவியல்      4
மொத்தம்                 24
இணைப்பாட போனஸ்        -1
இறுதிப் புள்ளி            23
```

இணைப்பாட நடவடிக்கையில் அவனுக்கு "நன்று" என்ற தரம், அதற்கு 1 புள்ளி. மிகச் சிறந்த தரமென்றால் 2 கழிந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் 26க்குள் வசதியாக இருக்கிறான். ஆனால் அவன் விண்ணப்பித்தது பொறியியல் டிப்ளோமாவுக்கு. கணிதம் 6க்குள் இருக்க வேண்டிய இடத்தில் 7. முதல் கதவு திறந்தது, இரண்டாவது மூடிக்கொண்டது. போனஸ் புள்ளி மொத்தத்தைத்தான் குறைக்கும். கணிதத்தின் 7ஐ 6 ஆக்காது.

கூடுதல் கணிதம் எடுத்தவர்களுக்கு ஒரு சின்ன வசதி உண்டு. பல பொறியியல் படிப்புகளில் அடிப்படைக் கணிதம், கூடுதல் கணிதம் இரண்டில் எது தகுதியை எட்டினாலும் ஏற்றுக்கொள்வார்கள். அவன் கூடுதல் கணிதம் எடுக்கவில்லை.

படி 3: ஒப்புக்கொள்ளும் முன் இதை யோசியுங்கள்

இந்தப் படியில்தான் பெற்றோர் அதிகம் தடுமாறுகிறார்கள். இஏஇ இடத்தை ஒப்புக்கொண்டு, ஜனவரியில் நிபந்தனைகளும் நிறைவேறிவிட்டால், நீங்கள் அந்தப் படிப்புக்குப் போக வேண்டியதுதான். முடிவுக்குப் பின் நடக்கும் பொதுவான சேர்க்கை முறையான ஜேஏஇயில் பங்கெடுக்க முடியாது. எதிர்பார்த்ததைவிட நன்றாக எழுதி, தொடக்கக் கல்லூரிக்குப் போகும் புள்ளி வந்தாலும் அந்தக் கதவு மூடியிருக்கும். எனவே "கையில் ஒன்று இருக்கட்டும், ஜனவரியில் பார்த்துக்கொள்ளலாம்" என்ற கணக்கு இங்கே எடுபடாது.

உண்மையிலேயே அந்தப் படிப்பு வேண்டுமா என்பதை ஒப்புக்கொள்ளும் கடைசி நாளுக்குள் முடிவு செய்யுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட இடம் வந்தாலும் ஒன்றைத்தான் எடுக்க முடியும். இப்படி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, அடுத்த படியில் சொல்லும் ஒத்திகைக் கணக்கைப் போட்டுவிட்டு எந்தப் படிப்பின் குறைந்தபட்சத் தகுதி உங்கள் பலவீனமான பாடத்தில் கை வைக்கிறது என்று பாருங்கள். இரண்டும் சமமாகப் பிடித்திருந்தால் நான் கை வைக்காததைத்தான் எடுப்பேன்.

படி 4: ஒத்திகைத் தேர்வை வைத்து இடைவெளியை அளவிடுங்கள்

ஒத்திகைத் தேர்வு முடிவு ஏறக்குறைய இதே சமயத்தில் கையில் வரும். மேலே உள்ளதுபோல ஒரு தாளில் இரண்டு வரிசை போடுங்கள்: ஒன்றில் மொத்தம், இன்னொன்றில் ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்கப்பட்ட எல்லை. தாய்மொழித் தேர்வை ஆண்டின் நடுவிலேயே எழுதியவர்களுக்கு அந்தத் தரம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், அதனால் ஒரு பாடம் நிச்சயமானது.

இப்போது எல்லையை ஒட்டியோ தாண்டியோ நிற்கும் பாடம் எது என்று பாருங்கள். மொத்தம் 22 வந்து கணிதம் மட்டும் 7 என்றால், அக்டோபர் முழுக்கக் கணிதத்துக்கே. மானிடவியலை 4இலிருந்து 3க்கு இறக்கும் உழைப்பு அந்த நிலையில் வீண். என் தங்கை மகனுக்கு நாங்கள் செய்தது இதற்கு நேரெதிர். ஒத்திகையில் கணிதம் 7 என்று தெரிந்தும், "மொத்தம் நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டு, ஆங்கிலத்துக்கு டியூஷன் வைத்தோம்.

படி 5: முடிவு நாளில் தகுதி எட்டாமல் போனால்

முதலில், இஏஇ இடம் போய்விட்டது என்று கடிதமோ திரையோ சொன்னால் அதற்காகப் பாலிடெக்னிக்கின் முன்னால் கெஞ்சிப் பிரயோஜனமில்லை. நிபந்தனை எல்லாருக்கும் ஒன்றுதான். இடம் ரத்தானால் ஜேஏஇ உங்களுக்குத் திறக்கும், அது முக்கியம். முடிவு வந்த அன்றே தொடங்கி சில நாள்களில் மூடிவிடும். அழுகைக்கு ஒரு மாலை, அப்புறம் வேலை.

ஜேஏஇயில் 12 தெரிவுகள் வரை போடலாம். பாலிடெக்னிக், தொடக்கக் கல்லூரி, ஐடிஇ எல்லாம் அதே பட்டியலில் வரும். முடிவோடு தரும் தாளில் நீங்கள் தகுதிபெறும் படிப்புகள் இருக்கும், அங்கிருந்தே ஆரம்பியுங்கள். ஆனால் "தகுதி" என்பது விண்ணப்பிக்கலாம் என்ற அளவுதான். முந்தைய வருடத்தில் அந்தப் படிப்பில் கடைசியாக நுழைந்தவரின் புள்ளியோடு உங்கள் புள்ளியை ஒப்பிடுங்கள். படிப்பின் வகை மாறினால் தொடர்புள்ள பாடங்களும் மாறும் என்பதால், அந்த வகைக்கான மொத்தத்தைப் புதிதாகக் கணக்கிட வேண்டும். பொறியியல் வகையில் 23 வந்தவருக்கு மற்றொரு வகையில் வேறு எண் வரலாம்.

எங்கள் வீட்டில் நாங்கள் பார்த்தது மூன்று வழிகள். கணிதத் தேர்வை எழுதியிருந்தாலே போதும், குறிப்பிட்ட தரம் தேவையில்லை என்று கேட்கும் டிப்ளோமாக்கள் சில இருந்தன, ஊடகம், வடிவமைப்புப் பக்கம். அவனுக்கு அவற்றில் ஆர்வம் இல்லை. இரண்டாவது, ஐடிஇயின் ஹையர் நைடெக் என்ற சான்றிதழ்ப் படிப்பு. இரண்டு வருடம் இயந்திரத்தோடு நேரடியாக வேலை பார்க்கலாம், நல்ல ஜிபிஏ வாங்கினால் தொடர்புள்ள டிப்ளோமாவில் இரண்டாம் ஆண்டில் சேரவும் வாய்ப்பு உண்டு. மூன்றாவது, தனியார் மாணவராகக் கணிதத்தை மறுபடி எழுதுவது. அதற்கான பதிவு ஆண்டின் முற்பகுதியிலேயே நடக்கும், முடிவு அடுத்த ஜனவரியில்தான் வரும். ஒரு பாடத்துக்காக ஒரு வருடம். வேறு வழியே இல்லாதவர்களுக்குத்தான் இதைச் சொல்வேன்.

மறுஆய்வு கேட்கலாமா என்று தங்கை கேட்டாள். கேட்கலாம். பள்ளி வழியாக, குறுகிய கெடுவுக்குள், கட்டணம் கட்டி. ஆனால் அதை நம்பி ஜேஏஇயை விடக்கூடாது. தரம் மாறாவிட்டால் இரண்டும் இல்லாமல் நிற்க வேண்டிவரும். மறுஆய்வு ஒரு பக்கம், ஜேஏஇ விண்ணப்பம் இன்னொரு பக்கம், இரண்டும் ஒரே வாரத்தில்.

2027இல் சாதாரண நிலைத் தேர்வுக்குப் பதிலாக எஸ்இசி என்ற புதிய சான்றிதழ் வருகிறது. அந்தத் தேர்வை எழுதுபவர்கள் நான் சொன்ன எண்களை நம்ப வேண்டாம், புள்ளிக் கணக்கே மாறும். உங்கள் வருடத்துக்கான எண்களைக் கல்வி அமைச்சின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை மகன் ஹையர் நைடெக்கை முதல் தெரிவாகப் போட்டான், கணினிக்கு முன் உட்கார்ந்து, அம்மாவைத் திரையைத் தொடவே விடாமல்.